ரெட்டியபட்டி வீட்டுப் பட்டியல்

தம்பி பாண்டீஸ்வரன் இறந்த ஆறாம் நாள் ரேணுகாதேவி வேலைக்குப் போய்விட்டாள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று என்று வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பது அவள் வேலை.

"இன்னும் நாலு நாள் இருந்துட்டு வரலாமேம்மா" என்றார் கடைக்காரர் சண்முகவேல்.

"வீட்ல இருந்து என்ன செய்யப் போறேன் அண்ணாச்சி."

அன்று பதினோரு பேருக்கு அடித்துக் கொடுத்தாள். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. இறப்புச் சான்றிதழ் கேட்டு ஒருவர் வந்தார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். இறந்தவர் பெயர், தேதி, இடம். அடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். மத்தியானம் கொண்டுவந்த சோற்றைத் திறந்து முழுக்கச் சாப்பிட்டாள். என்ன குழம்பு என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

எழவு வீட்டிலும் அவள் அழவில்லை. வந்திருந்த பெண்கள் அதைக் கவனித்தார்கள். கவனித்ததைப் பேசிக்கொள்ளவும் செய்தார்கள்.

சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது திருப்பூரிலிருந்து சின்னத் தம்பி அய்யப்பன் போன் செய்தான். அவன் குரல் வறண்டிருந்தது. "பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் பட்டியல ஆப்ல போட்டுட்டேன்க்கா. விட்டுப் போனதை நீ சேரு. யாரு எதை வாங்குறாங்களோ அவுகவுக டிக் பண்ணிக்கிடட்டும்."

"சரிடா."

"இந்தத் தடவையாவது ஒழுங்காப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்த ஆப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தவனே அவன்தான்.

ஒன்பது வருசத்துக்கு முன் பாளையம்பட்டி விலக்கில் பைக்கிலிருந்து விழுந்து பாண்டீஸ்வரனுக்குத் தலையில் அடிபட்டது. உயிர் தங்கியது, வலிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. பார்த்து வைத்திருந்த பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். எம்.ரெட்டியபட்டியில் மூத்த அண்ணன் பூமிநாதன் வீட்டிலேயே இருந்தான். காலையும் இரவும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரையில் டாக்டர். மாத்திரை தவறாமல் போனதால் நாலு வருசமாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. பருத்திக்கு மருந்தடிப்பான், டி.வி.எஸ்.ஸின் பின்னால் உட்கார்ந்து டவுனுக்கு வருவான், அக்கா மகள்களுக்கு எள்ளுருண்டை வாங்கி வருவான். என்ன, சற்று மறதி. ஒரு தடவை கேட்டதை இன்னொரு தடவை கேட்கக் கூச்சப்படுவான்.

இந்த வருசம் தை மாதம் மதுரை டாக்டர் தேதி தவறிப் போயிற்று. அண்ணன் கூட்டிப் போவார் என்று ரேணுகா நினைத்திருந்தாள். அய்யப்பன் லீவு போட்டு வருவான் என்று அண்ணன் நினைத்திருந்தார். அய்யப்பன் யாரும் சொல்லவில்லையே என்றான். அப்போதுதான் அவன் சொன்னான், "எங்க கம்பெனியில எல்லாரும் வச்சிருக்காகக்கா. காலண்டரும் இருக்கும், சாமான் லிஸ்ட்டும் இருக்கும். ஒருத்தர் போட்டா எல்லார் போன்லயும் தெரியும்."

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேணுகா ஊருக்குப் போய் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் போனில் ஒரு குழுவைத் தொடங்கி, 'ரெட்டியபட்டி வீடு' என்று பெயர் போட்டாள். அழைப்பு லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மற்ற போன்களில் ஆப்பை இறக்கி, லிங்கைத் தொட்டு, ஒவ்வொருவராகச் சேர்த்தாள். காலண்டரில் ஆளுக்கு ஒரு நிறம் கேட்டது. பாண்டீஸ்வரன் பச்சை வேண்டுமென்றான். 'பாண்டி மதுரை டாக்டர்' என்று ஒரு தேதியைப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானாக வரும்படி வைத்தாள். இரண்டு நாளைக்கு முன்னாலேயே நினைவூட்டவும் சொல்லி வைத்தாள். மளிகைக்கு ஒரு பட்டியல், மருந்துக்கு ஒரு பட்டியல்.

அண்ணி தங்கலட்சுமி சட்டென்று பிடித்துக்கொண்டாள். மைக்கைத் தொட்டு "புளி ஒரு கிலோ" என்று சொல்ல, எழுத்தாக விழுந்ததைப் பார்த்துச் சிரித்தாள். எதிர்த்தாற்போல் உட்கார்ந்திருந்த பாண்டீஸ்வரன் போனிலும் புளி வந்தது. அவன் அதைத் தொட்டான். கோடு விழுந்து கீழே முடிந்தவைக்குள் போயிற்று. "வாங்காமலே வாங்கியாச்சு மதினி" என்றான். மறுபடி தொட்டு மேலே கொண்டுவந்தான்.

பூமிநாதன் அப்போதுதான் காட்டிலிருந்து வந்தார். ஐந்தேமுக்கால் பஸ்ஸுக்கு ரேணுகா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கீறல் விழுந்த போனை நீட்டி, "இந்த டிக்கு எதுக்குத்தா?" என்றார்.

"வாட்ஸ்அப்புல டிக்கு விழும்ல்ல, அது மாதிரிதாண்ணே. போட்டுட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

அவர் தலையை ஆட்டினார். அவள் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

ஆப் நன்றாகவே வேலை செய்தது. சித்திரையில் டாக்டர் தேதி தவறவில்லை. மருந்துப் பட்டியலில் மாத்திரை என்று விழுந்தால், ரேணுகா டவுனில் வாங்கி, ஷேர் ஆட்டோ ஓட்டும் வெள்ளத்துரையிடம் கொடுத்தனுப்பிவிட்டு டிக் போடுவாள். ஊர்க்கடையில் அந்த மாத்திரை கிடைக்காது. முன்பெல்லாம் எத்தனை அட்டை இருக்கிறது, எந்தக் கிழமை தீரும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பட்டியல் வந்தபின் அந்தக் கணக்கு நின்றுபோனது. பட்டியலில் வரும், வந்தால் வாங்கலாம் என்றாயிற்று. எதற்கெடுத்தாலும் போன் டிங் டிங் என்றதால், கடையில் மனு அடிக்கும்போது தொந்தரவாக இருக்கிறதென்று அந்தச் சத்தத்தையும் நிறுத்தி வைத்தாள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை திறந்து பார்ப்பாள்.

நடுவில் ஒரு தடவை உப்பும் டார்ச் பேட்டரியும் வாங்காமலே பட்டியலிலிருந்து மறைந்தன. தங்கலட்சுமி மறுபடி போட்டாள். அய்யப்பனிடம் சொன்னதற்கு, "ஆப்பை அப்டேட் பண்ணுங்க" என்றான். அதோடு விட்டார்கள்.

ஆவணியில் ஒரு திங்கள்கிழமை காலை ஆறேகாலுக்குத் தங்கலட்சுமி 'பாண்டி மாத்திரை ரெண்டு அட்டை' என்று போட்டாள். ரேணுகா ஏழு மணிக்குத் திறந்தபோது மருந்துப் பட்டியல் காலியாக இருந்தது. சாயங்காலமும் காலி. செவ்வாய் இரவோடு மாத்திரை தீர்ந்தது. புதன்கிழமை பாண்டீஸ்வரன் அண்ணியிடம் சொன்னான். அவள் போனைப் பார்த்து, "டிக்கு விழுந்திருக்குய்யா. உங்கக்கா வாங்கிட்டா. வெள்ளத்துரை ஆட்டோவுல வந்துரும்" என்றாள். அன்று வரவில்லை. பருத்தி எடுக்க ஆள் விட்டிருந்த வாரம். வியாழன் போன் போட நினைத்தாள், விட்டுப் போயிற்று. அவனும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. சனிக்கிழமை காலை பல் துலக்கப் போனவன் தொட்டி ஓரத்தில் விழுந்தான். ஒரு வலிப்பு நிற்பதற்குள் அடுத்தது. நினைவே திரும்பவில்லை. நூற்றியெட்டு வந்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது. "மாத்திரையை நிறுத்துனீங்களா?" என்று டாக்டர் கேட்டார். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில் மூச்சு அடங்கிவிட்டது.

எழவு வீட்டில் தங்கலட்சுமி மாரில் அடித்துக்கொண்டு, "இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேனே" என்று அழுதாள். கூட்டம் முழுக்க ரேணுகாவைத் திரும்பிப் பார்த்தது. அய்யப்பன் நேராகவே கேட்டான், "லிஸ்ட்ல இருந்திருக்கு, டிக் ஆயிருக்கு. நீதானக்கா எப்பவும் வாங்குறது? வாங்காம எதுக்கு டிக் போட்ட?"

"நான் பார்க்கையில அது இல்லடா."

"அப்ப யாரு போட்டது?"

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாங்கி எங்காவது வைத்து மறந்துவிட்டோமோ என்று கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். கடை மேசை இழுப்பறையைப் பார்த்தாள். வெள்ளத்துரையிடம் கேட்டாள். அவன் பாவமாகப் பார்த்து, "இல்லக்கா, போன வாரம் நீங்க எதுவும் தரலயே" என்றான்.

இப்போது ஆறாம் நாள் மத்தியானம், அய்யப்பன் போட்ட பட்டியலைத் திறந்தாள். பச்சரிசி, எண்ணெய், வாழையிலை, சூடம், கோடி வேட்டி. தேங்காய் இல்லை, சேர்த்தாள். தேன் இல்லை, சேர்த்தாள். பிறகு மருந்துப் பட்டியலுக்குப் போய் முடிந்தவையை இறக்கினாள். ஐந்து நாளாக அதைத் திறக்க அவளுக்குத் தோன்றவில்லை. திறக்கக் கூடாது என்றுதான் தோன்றியதோ என்னவோ. 'பாண்டி மாத்திரை ரெண்டு அட்டை' கோடு விழுந்து கிடந்தது. அதன்மேல் விரலை வைத்து அழுத்தினாள். விவரம் விரிந்தது. சேர்த்தவர் தங்கலட்சுமி, திங்கள் 6.15. முடித்தவர் பூமிநாதன், திங்கள் 6.22.

உப்பைத் தேடி எடுத்துப் பார்த்தாள். பூமிநாதன். டார்ச் பேட்டரி. பூமிநாதன்.

வாட்ஸ்அப்பில் ஒன்றைப் பார்த்துவிட்டால் டிக் விழும். அது மாதிரிதாண்ணே என்று சொன்ன வாய் அவளுடையது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில் சொன்ன வாய். அதை நினைத்துக்கொண்டு, உள்ளே ஏதாவது எழும்பும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒன்றும் எழும்பவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் தன் கன்னத்தையே தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்குமே, அப்படி இருந்தது. வெளியே ஒருவர் வந்து, வருமானச் சான்றுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார். ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். தங்கலட்சுமி அடுப்படியில் தனியாகப் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். ரேணுகா போனைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள். தங்கலட்சுமி குனிந்து பார்க்கக்கூட இல்லை.

"தெரியும்" என்றாள். "ரெண்டாம் நாளே பார்த்துட்டேன்."

"பார்த்துட்டுமா மதினி சும்மா இருந்தீக?"

முறத்தைக் கீழே வைத்தாள். "உங்க அண்ணனுக்குத் தெரியாது. ஒரு வாரமா மனுசனுக்குச் சோறு இறங்கல. பிள்ளை மாதிரி வளர்த்தவுக. தெரிஞ்சா தாங்க மாட்டாக ரேணுகா."

"என்னையத்தான் எல்லாரும் சொல்றாக."

"சொல்றாக. நானும் சொல்லத்தான் விட்டேன்." வழிந்த கண்ணீரை அவள் துடைத்துக்கொள்ளவில்லை. "நீ தாங்கிக்கிடுவன்னு நினைச்சுட்டேன். அழிச்சிரு தாயி. எப்படி அழிக்கன்னு எனக்குத் தெரியல, தெரிஞ்சா நானே அழிச்சிருப்பேன்."

ரேணுகா மூன்று புள்ளியைத் தொட்டாள். எல்லாப் பட்டியலிலும் முடிந்தவை அனைத்தையும் நீக்கவா என்று கேட்டது. நீக்கினால் எல்லார் போனிலிருந்தும் போய்விடும். அண்ணன் பெயர் போய்விடும். அதோடு அவள் சொன்ன வார்த்தையும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். கீழே, மளிகைப் பட்டியலில் பாண்டீஸ்வரன் போட்டவையும் கிடந்தன. பிளேடு. எள்ளுருண்டை. கால் தேய்க்கிற எண்ணெய், அண்ணனுக்கு. அவனே போட்டு அவனே டிக் அடித்தவை. அவள் வேண்டாம் என்பதைத் தொட்டாள்.

"அண்ணன் எங்க?"

"காட்டுக்குப் போயிருக்காக. சொல்லப் போறியா?"

"நான் சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்லப் போறேன் மதினி."

தங்கலட்சுமி தடுக்கவில்லை. முறத்தைக் கையில் எடுத்தாள், புடைக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பூமிநாதன் மோட்டார் அறை நிழலில் இருந்தார். கரண்டு இல்லை. எடுக்க ஆளில்லாமல் பருத்தி செடியிலேயே வெடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ரேணுகா பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் தான் பங்குனியில் சொன்னதைச் சொன்னாள். அப்புறம் வாங்கின பிறகு போடுவதுதான் டிக்கு என்று சொன்னாள். அப்புறம் திங்கள்கிழமை ஆறு இருபத்திரண்டைச் சொன்னாள். மனு அடிக்கிறவளின் குரலில்தான் சொல்ல முடிந்தது.

அவர் ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"வாட்ஸ்அப்பு மாதிரின்னு சொன்ன" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஞாபகத்தைச் சரிபார்க்கிற குரல்.

"ஆமாண்ணே. சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுன்னு அவசரத்துல சொன்னேன்."

"நான் தினமும் அதைப் பார்க்க மாட்டேன். எப்பவாவதுதான். பார்த்த அன்னைக்கு டிக்கைப் போட்ருவேன். அண்ணன் பார்த்துட்டான், கண்டுக்கிடாம இல்லன்னு உங்களுக்கெல்லாம் தெரியட்டும்னு." செருப்பை உதறி மண்ணைத் தட்டினார். "அதுல போயி முடிஞ்சிருச்சா."

அவள் தலைகுனிந்திருந்தாள். தன்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அடித்தால்கூடப் பரவாயில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அய்யப்பனைக் கூப்பிட்டார்.

"ஏலே அய்யப்பா. அக்காளை ஒண்ணும் சொல்லாத. டிக்குப் போட்டது நான். ஆமா. நான்தான். பார்த்ததுக்குப் போட்டுட்டேன்." அந்தப் பக்கம் என்ன சொன்னானோ தெரியவில்லை. "நீ வா, பேசிக்கிடலாம்" என்று சொல்லி வைத்தார். அவள் சொல்லிக் கொடுத்ததைப் பற்றி அவர் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கரண்டு வந்தது. மோட்டார் உறுமியது. அவர் எழுந்து தண்ணீரைத் திருப்பிவிடப் போனார். இரண்டு பாத்தி தள்ளி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். தண்ணீர் அவர் காலைத் தாண்டி வேறு பக்கம் ஓடியது. அவர் திருப்பவில்லை. ரேணுகா போய் மண்வெட்டியை வாங்கி மடையை மாற்றினாள்.

அன்று ராத்திரி அய்யப்பனிடமிருந்து 'அக்கா' என்று மட்டும் ஒரு செய்தி வந்தது. அதன்பின் எதையோ அடித்துக்கொண்டிருப்பதாக வெகு நேரம் காட்டியது. ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை அவளே கூப்பிட்டு, தான் சொல்லிக் கொடுத்த கதையை அவனிடமும் சொல்லிவிட்டாள். அவன் கேட்டுவிட்டு, "உப்புக் காணாம போனப்ப நான் ஒழுங்காப் பார்த்திருக்கணும்க்கா" என்றான். யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு சாமானும் குறையவில்லை. இலை வாங்கியவன் இலைக்கு டிக் போட்டான், பூ வாங்கியவள் பூவுக்குப் போட்டாள். ஐயர் கேட்டதெல்லாம் கேட்டவுடன் கிடைத்தது. "ஏற்பாடெல்லாம் பிரமாதம்" என்று மதுரையிலிருந்து வந்த சித்தப்பா சொன்னார்.

எல்லாரும் கிளம்பிய பிறகு ரேணுகா காலண்டரைத் திறந்தாள். ஐப்பசியில் பச்சை நிறத்தில் டாக்டர் தேதி நின்றது. தையில் ஒன்று, சித்திரையில் ஒன்று, அப்படியே அடுத்த வருசத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. நீக்கு என்றாள். இது மட்டுமா, இதுவும் இனி வருபவையுமா என்று கேட்டது. இரண்டாவதைத் தொட்டாள். போய்வந்த சித்திரைத் தேதியும் ஆடித் தேதியும் அப்படியே இருந்தன. அவற்றை அவள் தொடவில்லை.

ஆப்பை எடுத்துவிடலாமா என்று அய்யப்பன் கேட்டான். வேண்டாம் என்றவர் பூமிநாதன்தான். ஏன் என்று சொல்லவில்லை. அவருக்கு வாங்கியபின் டிக் என்று ரேணுகா இன்னொரு தடவை நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர் விரலை வைத்து, எடுத்து, வைத்துப் பழகினார். அதன்பிறகு அவர் எதற்குமே டிக் போடவில்லை, தானே வாங்கியதற்குக்கூட. தங்கலட்சுமிதான் போட்டாள். ரேணுகா மறுபடியும் போனில் சத்தத்தை வைத்துக்கொண்டாள். கடையில் டிங் என்றால் சண்முகவேல் ஒன்றும் சொல்வதில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் போன் சத்தமிட்டது. ரெட்டியபட்டி வீடு, மளிகை. திறந்தாள். 'சீனி ஒரு கிலோ' என்று அண்ணி போட்டிருந்ததை யாரோ மாற்றியிருந்தார்கள். இப்போது அது இப்படி இருந்தது: 'சீனி ஒரு கிலோ. பார்த்தேன். இன்னும் வாங்கல. பூமிநாதன்.'

அதன் கீழே மிளகாய்த்தூள். 'பார்த்தேன். இன்னும் வாங்கல. பூமிநாதன்.' அதன் கீழே குளியல் சோப்பு. அதற்கும் அப்படியே. ஒவ்வொன்றையும் தொட்டு, திறந்து, கீறல் விழுந்த அந்தப் போனில் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்திருப்பார்.

தன் வீடு இருக்கும் பாளையம்பட்டியில் இறங்கி முதல் கடையில் நின்றாள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். சீனி என்று சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அவர் இன்னொரு தடவை கேட்டார். அவள் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"யாரும்மா பூமிநாதன்?"

"எங்க அண்ணன்" என்றாள். குரல் உடைந்தது. கடைக்காரர் வேறெதுவும் கேட்காமல் சீனியை அள்ளித் தராசில் போட்டார்.